வாங்குவோர் கேள்வி-பதில்: வினைல் எழுத்தில் புள்ளிகள் ஏன் உதிர்கின்றன?

கேள்வி: என் தையல் கடையின் கண்ணாடிக் கதவில் 'சேலை, ரவிக்கை தைத்துத் தரப்படும்' என்று வினைல் எழுத்து ஒட்ட 140 வெள்ளி கொடுத்தேன். இரண்டே வாரத்தில் மூன்று புள்ளிகளைக் காணவில்லை. கேட்டால், 'தமிழ் எழுத்து அப்படித்தான்' என்கிறார் கடைக்காரர். ஒட்டாமல் மீந்த ஒரு பிரதியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். – தெம்பனிஸ் வாசகி

பதில்: அம்மா, குறை தமிழ் எழுத்தில் இல்லை. எந்த அளவுக்குக் கீழே வினைலை வெட்டக் கூடாது என்று தெரிந்தும் வெட்டிக் கொடுத்தவரிடம்தான் குறை இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பிரதியை வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்தேன். 'ர' எழுத்தின் உயரம் 6 மி.மீ., கோட்டின் தடிமன் 0.6 மி.மீ., புள்ளியின் விட்டம் 0.8 மி.மீ. 'லை', 'கை' ஆகியவற்றின் முன்னால் வரும் ஐகாரக் குறியில் சுழிகள் இருக்கின்றன அல்லவா, அந்தச் சுழியின் உள்வெளி 0.7 மி.மீ.; எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 0.9 மி.மீ. தாள் 80 மைக்ரான் தடிமனுள்ள சாதாரண வகை. இந்த அளவுகளில் அந்த வரி உதிராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

காரணத்தைச் சொல்கிறேன். வெட்டும் இயந்திரம் மேலே உள்ள வினைலை மட்டும் வெட்டி, மெழுகுத்தாள் போன்ற பின்தாளை விட்டுவிடும். பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலைக் கையால் உரித்து எடுப்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை வீடிங் என்பார்கள். உரிக்கும்போது கழிவுத்தாள் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் தன்னோடு மேலே இழுக்கிறது. அந்த இழுப்பு விளிம்பின் நீளத்தைப் பொறுத்தது. எழுத்தைப் பின்தாளோடு பிடித்து வைக்கும் பசையின் பலமோ பரப்பைப் பொறுத்தது. 0.8 மி.மீ. புள்ளிக்கு விளிம்பு 2.5 மி.மீ., பரப்பு வெறும் அரைச் சதுர மில்லிமீட்டர். விட்டத்தை 1.6 மி.மீ. ஆக்கினால் விளிம்பு இரண்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகும். அதாவது விளிம்பின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கிடைக்கும் பிடிப்பு இரட்டிப்பாகும். உங்கள் புள்ளிகள் உரிக்கும்போதே பாதி கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியதை விரலால் அழுத்திவிட்டு அப்படியே கண்ணாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் தினமும் கதவைத் துடைத்த துணி மிச்ச வேலையைச் செய்துவிட்டது. உங்கள் பிரதியில் 'த்' மேல் உள்ள புள்ளி ஒன்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் நீள்வட்டமாகத் தெரிகிறது. ஓரத்தில் பசை வெளியே பிதுங்கி, தூசி படிந்து கறுத்திருக்கிறது. ஒருமுறை தூக்கப்பட்டு மறுபடி அழுத்தப்பட்ட புள்ளி இப்படித்தான் இருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகள் இவை. 50 மைக்ரான் மெல்லிய காஸ்ட் வினைலில், யாரும் கை வைக்காத இடமானால், கோடும் புள்ளியும் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உங்களுடையதைப் போல 80 மைக்ரான் தாளாக இருந்து, தினமும் துடைக்கப்படும் கதவிலும் ஒட்டுவதானால் புள்ளிக்கு 1.5 மி.மீ. வேண்டும். சுழியின் உள்வெளியும் எழுத்து இடைவெளியும் 1 மி.மீ.யாவது இருக்க வேண்டும், ஏனெனில் சுழிக்குள் இருக்கும் துண்டு கழிவுத்தாளோடு சேர்ந்து வராது. கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும், இடம் குறைந்தால் ஊசி பக்கத்துக் கோட்டையும் கிளப்பிவிடும்.

உங்கள் வரியை 6 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கச் சொல்லுங்கள். கோடு 1 மி.மீ., சுழி ஏறத்தாழ 1.2 மி.மீ., இடைவெளி 1.5 மி.மீ. ஆகும். புள்ளி 1.3 மி.மீ. வரைதான் வரும் என்பதால், ஐந்து புள்ளிகளையும் தனியே 1.6 மி.மீ. ஆக்கி, எழுத்தின் தலையில் இடிக்காதபடி சற்று மேலே தள்ளி வைக்க வேண்டும். இப்போது 150 மி.மீ. நீளமுள்ள வரி 250 மி.மீ. ஆகும், உங்கள் கதவில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கோடும் 1 மி.மீ.யின் எல்லையிலேயே நிற்பதால், தாளையும் மெல்லிய காஸ்ட் வகைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த அளவுகளை எழுதிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டி, இலவசமாக மறுபடி செய்து தரக் கேளுங்கள். மறுத்தால், நீங்கள் தொழில் நடத்துபவர் என்பதால் பயனீட்டாளர் சங்கத்தைவிடச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமே உங்களுக்கு உரிய இடம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே முன்வைக்கலாம். மீந்த பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: எழுத்தைப் பெரிதாக்க இடமில்லை. மென்பொருளில் கோட்டை மட்டும் தடிமனாக்கினால் போதாதா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: போதாது. ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. கூட்டினால் 0.6 மி.மீ. கோடு 1 மி.மீ. ஆகும் என்பது உண்மைதான். ஆனால் கோடு வாங்கிக்கொண்ட அந்த 0.4 மி.மீ. வெளியிலிருந்துதான் போகிறது: 0.9 மி.மீ. இடைவெளி 0.5 ஆகும், 0.7 மி.மீ. சுழி 0.3 ஆகி ஏறக்குறைய அடைபட்டுவிடும். எழுத்துகளைத் தள்ளி வைத்து இடைவெளியை மீட்கலாம், சுழியை மீட்க வழியில்லை. வரியை இரண்டாக மடித்து எழுதுங்கள், அல்லது சொற்களைக் குறையுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசியில் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். வந்த பிறகுதான் எழுத்து இவ்வளவு சிறியது என்று தெரிந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – பொங்கோல் வாசகர்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. மாதிரியின் கீழே உயரம் 5 மி.மீ. என்று எழுதியிருந்ததை நீங்களே எனக்கு அனுப்பிய படத்தில் பார்த்தேன். அடுத்த முறை அதை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, கதவில் ஒட்டிப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மேசை வெட்டும் இயந்திரம் வாங்கி, ஊறுகாய் ஜாடிகளுக்கு 4 மி.மீ. உயரத்தில் தமிழ் எழுத்து வெட்டுகிறேன். உரிக்கும்போது எல்லாம் பிய்ந்து வருகிறது. கத்தியின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன், பயனில்லை. – ஈசூன் வாசகி

பதில்: அழுத்தத்தைக் கூட்டக் கூட நிலைமை மோசமாகும். கத்தி பின்தாளுக்குள் இறங்கினால் பசையையும் அந்த வெட்டுக்குள் தள்ளிவிடும். பிறகு எழுத்து பின்தாளை விட்டு வராது, வந்தால் தாளின் இழையோடு வரும். ஒரு சிறிய சதுரத்தை வெட்டி உரித்துவிட்டுப் பின்தாளைப் பாருங்கள். மெல்லிய கீறல் தெரிய வேண்டும், ஆனால் தாள் அறுந்திருக்கக் கூடாது. அந்த நிலையில் அழுத்தத்தை நிறுத்திவிட்டு, வேகத்தை உங்கள் இயந்திரம் அனுமதிக்கும் அளவுக்குக் குறையுங்கள். இந்தக் கத்தி அச்சில் சுழலக்கூடியது. அதன் முனை அச்சின் நடுவில் இல்லாமல் சற்று விலகி, பல கத்திகளில் 0.25 மி.மீ. தள்ளி இருக்கும். அந்த விலகலை இயந்திரத்தில் தவறாகப் பதிந்திருந்தால் சுழி தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் ஒரு மயிரிழை ஒட்டிக்கொண்டிருக்கும். உரிக்கும்போது அந்த இழை எழுத்தையே இழுத்து வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, விலை குறைவாக இருக்கிறதே என்று, பெயரில்லாத கத்திகள் பத்து இணையத்தில் வாங்கினேன். முனையின் விலகல் ஒன்றைப் போல் மற்றொன்றில் இல்லை. ஒரு கத்திக்குச் சரிசெய்த இயந்திரம் அடுத்த கத்தியில் 'ண' எழுத்தின் சுழிகளை முட்டைகளாக வெட்டியது. ஒரு முழுச் சுருள் தாளை வீணாக்கிய பிறகுதான் குற்றம் கத்தியில் என்று கண்டுபிடித்தேன். இயந்திரத்துக்கு உரிய கத்தி ஒன்றையே வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் 4 மி.மீ. தமிழ் எழுத்தின் கோடு 0.4 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதை வெட்ட வேண்டாம். ஒட்டும் தாளில் அச்சிட்டு, லேபிளின் வெளி ஓரத்தை மட்டும் வெட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மருந்தகக் கதவில் நான்கு மொழிகளிலும் ஒரே அகலத்தில் எழுத்து வெட்டி ஒட்டினோம். 'பல் மருத்துவம்' என்பதில் 'ல்' மேல் இருந்த புள்ளி மட்டும் போய்விட்டது. இதற்காக முழு வரியையும் மாற்ற வேண்டுமா? – சிராங்கூன் வாசகர்

பதில்: கட்டாயம் மாற்ற வேண்டும். உங்கள் கதவில் இப்போது 'பல மருத்துவம்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தின் மேல் புள்ளி போனாலும் படிப்பவருக்குச் சொல் மாறாது. தமிழில் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி வேறு சொல்லே பிறந்துவிடுகிறது.

இதைப் பற்றி நான் பல காலமாக மனம் வருந்தி வருகிறேன். நான்கு மொழி எழுத்துப் பலகைக்கு அளவு எழுதும்போது, முதலில் ஆங்கிலத்தைத் தடித்த எழுத்தில் வசதியாக வைக்கிறார்கள். தமிழ்ச் சொல் பெரும்பாலும் நீளமானது என்பதால், அதே அகலத்துக்குள் அடக்க அதைச் சுருக்குகிறார்கள். அதுவும் உயரத்தை அப்படியே வைத்து அகலத்தை மட்டும் நெரிக்கிறார்கள். நெரித்தவுடன் செங்குத்துக் கோடுகள் மெலிகின்றன, சுழிகள் ஒடுங்குகின்றன, வட்டப் புள்ளி நெல்மணியாகிறது. வெட்டுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால், உரிக்கும்போது கழிவோடு போன புள்ளியைத் தேட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது ஒரு தூசி. ஆகவே நான்கில் மிக நுண்ணிய பகுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதிலிருந்து அளவைத் தொடங்க வேண்டும். தமிழ்ப் புள்ளிக்கு 1.5 மி.மீ. என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற உயரத்தைத் தமிழ் வரிக்குக் கொடுத்து, அதற்குப் பொருந்தும்படி மற்ற மூன்றையும் அமையுங்கள். சீன எழுத்திலும் நெருக்கமான கோடுகள் உண்டு என்பதால், இடைவெளியை அங்கேயும் அளந்து பாருங்கள். ஆர்டர் தாளில் 'புள்ளிகள் மூன்று' என்று எண்ணிக்கையையே எழுதிக் கொடுங்கள். தமிழ் தெரியாதவரும் மூன்று என்று எண்ண முடியும்.

கேள்வி: வெட்டிய தாளை உரிக்காமல் இரண்டு வாரம் வைத்திருந்தேன். இப்போது சிறிய எழுத்துகள் கழிவோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. – ஜூரோங் வாசகர்

பதில்: நம் ஊர் வெப்பத்தில் பசை இளகி, வெட்டிய கோட்டின் மேல் மறுபடி சேர்ந்துவிடும். தாளைச் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பசை இறுகியதும், கழிவை நேராக மேலே தூக்காமல் தாளோடு படிய மடக்கி மெதுவாக உரித்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் புதிதாக வெட்டி, அன்றே உரித்துவிடுங்கள்.