கஞ்சியா, களிப்பதமா? ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவு

என் பையனுக்கு ஏழு மாதம். வடிகட்டிய அரிசிக் கஞ்சி மூன்று வேளையும் ஒரு கிண்ணம் குடிக்கிறான். ஆனாலும் ஒரு மாதமாக எடை ஏறவில்லையே?

அந்தக் கிண்ணத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடுவதால் தாய்ப்பாலும் குறைந்துபோகும். வடிகட்டும்போது சத்துள்ள திப்பியும் போய்விடுகிறது.

ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள். உணவு உடனே ஒழுகி ஓடினால் தண்ணியாக இருக்கிறது. ஸ்பூனில் ஒட்டி நின்று மெதுவாக விழுந்தால் சரியான பதம். இரண்டு மேசைக்கரண்டி குழைந்த சாதம், ஒரு மேசைக்கரண்டி நன்றாக வெந்த பருப்பு, அரை டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய் சேர்த்து மசியுங்கள். இறுகினால் கொஞ்சம் தாய்ப்பால் விட்டுத் தளர்த்தலாம். உப்பு, சர்க்கரை வேண்டாம். முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணம், அதாவது சுமார் 125 மில்லி, வரை போகலாம். தாய்ப்பாலை வழக்கம்போல் தொடருங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, பிறக்கும்போது இருந்த இரும்புச்சத்துச் சேமிப்பு தீரத் தொடங்கும். அதனால் பருப்போடு நன்கு வேகவைத்து அரைத்த ஈரல், இறைச்சி போன்றவற்றையும் சேருங்கள். ஒரு மாதமாக எடை ஏறவில்லை என்பதால், பதத்தை மாற்றியதோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

என் மகள், கொஞ்சம் கெட்டியாகக் கொடுத்தாலே ஓங்கரிக்கிறாள். பயந்துபோய் மறுபடி மிக்ஸியில் அடித்துவிடுகிறேன்.

ஓங்கரிப்பதும் மூச்சடைப்பதும் வேறு வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், நாக்கை வெளியே தள்ளும். அது உடம்பின் காவல். பக்கத்திலேயே இருந்து பொறுமையாகப் பாருங்கள், வாய்க்குள் விரலை விடாதீர்கள். சத்தமே வராமல், இருமவும் அழவும் முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அது மூச்சடைப்பு. உடனே முன்கையில் தலை தாழ்வாகக் குப்புறப் படுக்கவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு; அடைப்பு விலகாவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே அவசர உதவிக்கு ஆள் அழையுங்கள். முடிந்தால் யாரிடமாவது நேரில் ஒருமுறை கற்றுக்கொள்வது நல்லது.

மிக்ஸி முதல் சில வாரங்களுக்கு மட்டும். அப்புறம் முட்கரண்டியால் மசித்தாலே போதும். எட்டு, ஒன்பது மாதத்தில் விரலால் நசுங்கும் சிறு கட்டிகள் பழக வேண்டும். அதையும் தாண்டி விழுதாகவே கொடுத்துவந்தால் பின்னாளில் மென்று சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளை நிறையப் பார்க்கிறேன்.

முட்டை, தேன்?

முட்டையை முழுதாக வேகவைத்து, முதலில் ஒரு சிட்டிகை அளவு, பகல் நேரத்தில் கொடுங்கள். உடம்பில் தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். பச்சை கேரட்டும் முழுக் கொட்டைப் பருப்புகளும் இப்போதைக்குக் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும்.