மேனேஜராக இருந்துவிட்டு டீம் லீட் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? கேள்வி பதில்

3 வருஷம் ஆபரேஷன்ஸ் மேனேஜர், 14 பேர் டீம். பிரிவையே மூடிட்டாங்க. 7 மாசமா டீம் லீட் வேலைக்குப் போடறேன், ஒரு ஃபோன்கூட வரலை.

ரெஸ்யூமேயைப் புரட்டுபவருக்கு மூன்று பயம் வரும். நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார், சம்பளம் கட்டுப்படியாகாது, மேலே இருக்கும் மேனேஜரின் பேச்சைக் கேட்க மாட்டார். முதல் அரைப் பக்கத்திலேயே இவை அடங்காவிட்டால் அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுவார்.

உங்கள் முதல் வரி அநேகமாக "14 பேர் குழுவுக்கும் ஆண்டு பட்ஜெட்டுக்கும் பொறுப்பு" என்ற மாதிரி இருக்கும். டீம் லீட் வேலைக்கு அது கடைசிக்குப் போகட்டும். மேலே லீட் தினமும் செய்கிற வேலை வரட்டும்: ஷிஃப்ட் அட்டவணை போட்டது, தேங்கிய டிக்கெட்டுகளைக் காலையில் பிரித்துக் கொடுத்தது, புதிதாக வந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியது, வாடிக்கையாளர் கத்தியபோது நீங்களே போனை வாங்கிப் பேசியது. மேனேஜராக இருந்தபோதும் இதில் பாதியாவது செய்திருப்பீர்கள். செய்யாததை எழுதாதீர்கள், இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். 7 மாத இடைவெளிக்கு "பிரிவு மூடப்பட்டது" என்று ஒரே வரி போதும்.

இதுக்கு எதுக்கு இவ்வளவு? மேனேஜர்ங்கறதை "லீட்"னு மாத்திட்டா முடிஞ்சுது. எல்லாரும் அதான் செய்றாங்க.

பாதி சரி. ரெஸ்யூமேயின் தலைப்பில் உங்களை நீங்கள் எப்படி அறிமுகம் செய்துகொள்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். "ஆபரேஷன்ஸ் டீம் லீட் பணி, 9 ஆண்டு அனுபவம்" என்று தாராளமாகப் போடலாம். ஆனால் பழைய கம்பெனி கொடுத்த பதவிப்பெயர் அந்தக் கம்பெனிக்கு நேராக அப்படியேதான் இருக்க வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டரோடு ஒப்பிடுவார்கள். பெயர் பொருந்தாவிட்டால், குறைத்துச் சொன்னதும் பொய்க் கணக்கில்தான் சேரும். ஆஃபர் கைக்கு வந்தபிறகு ரத்தாவது இந்த இடத்தில்தான்.

"ஏன் கீழே இறங்கி வர்றீங்க?"னு கேட்டா?

"எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முதல் பயத்தை அதுவே உறுதிப்படுத்தும். நான்கு வாக்கியம் போதும்: "எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். மேனேஜர் வேலையில் எனக்கு நன்றாக வந்தது தினசரி செயல்பாடும் ஆட்களைப் பழக்குவதும். இந்த வேலை முழுக்க அதுதான். முடிவு எடுப்பவர் மேனேஜர் என்பது எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சிக்கல் இல்லை." பிறகு நிறுத்திவிடுங்கள். பழைய நிர்வாகத்தைப் பற்றி ஐந்தாவதாக ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் காரியம் கெடும்.

உங்களை இன்டர்வியூ செய்பவரே நாளைக்கு உங்கள் மேனேஜர் ஆகலாம், உங்களைவிட அனுபவம் குறைந்தவராகவும் இருக்கலாம். "நாங்கள் அங்கே இப்படிச் செய்தோம்" என்று அவரைத் திருத்தத் தொடங்கினால் மூன்றாவது பயம் நிஜமாகிவிடும்.

பழைய சம்பளத்தைச் சொன்னா லைனை கட் பண்ணிடறாங்க.

முதல் அழைப்பிலேயே முந்திக்கொண்டு நீங்கள் கேளுங்கள்: "இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" அதன் மேல் எல்லைகூட உங்கள் வீட்டுச் செலவுக்குப் போதாது என்றால் அங்கேயே நன்றி சொல்லி வைத்துவிடலாம். போதுமென்றால், "என் பழைய சம்பளம் இதைவிட அதிகம். அது வேறு பதவிக்கானது, இந்த வரம்புக்குள் எனக்குச் சம்மதம்" என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசிச் சுற்று வரை மறைத்து வைத்தால் பேரம் பேச வந்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

"ஆறு மாதத்தில் ஏற்றித் தருகிறோம்" என்றால் ஆஃபர் லெட்டரில் எழுதிக் கேளுங்கள். சொன்னவர் வேறு டீமுக்கு மாறினால் வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.

என்னை அதே கம்பெனியில மேனேஜர்லேர்ந்து லீடா இறக்கிட்டாங்க. லெட்டர்ல கையெழுத்து போடலாமா?

இது வேறு விஷயம். அந்த இடத்திலேயே போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து, என்ன சம்பளம், என்ன காரணம் என்று கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். நாளை ரிலீவிங் லெட்டரில் "லீட்" என்றுதான் வரும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஒரு படி இறங்கினா மறுபடி ஏறவே முடியாதுங்கறாங்களே?

கம்பெனியைப் பொறுத்தது. ஒவ்வொரு படிநிலையிலும் இத்தனை காலம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில் உங்கள் பழைய பதவிக்குச் சலுகை கிடைக்காது. சிறிய இடங்களில் மேனேஜர் விலகினால் நாற்காலி சீக்கிரம் வரலாம், பல வருஷம் வராமலும் போகலாம். இன்டர்வியூவில் "முன்பு இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே?" என்று கேளுங்கள். பதவி உயர்ந்து உள்ளேயே இருக்கிறார் என்றால் வழி இருக்கிறது. மூன்று பேர் அடுத்தடுத்து விலகியிருந்தால் யோசியுங்கள்.

அப்படிக் கேட்டா "இப்பவே மேல போகப் பாக்கறான்"னு நினைக்க மாட்டாங்களா?

சிலர் நினைப்பார்கள். அதனால் முதல் சுற்றில் வேண்டாம். ஆஃபர் பேச்சு தொடங்கிய பிறகு கேட்டாலும் முகம் சுளிப்பவர்கள் உண்டு, அதற்கு என்னிடம் மாற்று வழி இல்லை.