மொட்டு உதிர்வதைப் பற்றிப் பேசினால் காசு வருமா?

"உசிலம்பட்டிப் பக்கம் 22 வருஷமா மல்லிகை போடுறேன். எந்தச் செடிக்கு என்ன கோளாறுன்னு பார்த்ததும் சொல்லிடுவேன். சேனல் ஆரம்பிச்சா மாசம் ஐயாயிரம் நிலையா வருமா?"

விளம்பர வருமானத்தை நம்பி இறங்காதீர்கள். யூடியூபில் அதற்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் பார்த்தாலும் 80,000 பார்வை ஆகிறது. மல்லிகை போடுகிறவர்களை மட்டும் வைத்து ஒரு வருடத்தில் அதை எட்டுவது கஷ்டம். சேனல் உங்களுக்குக் கடை போர்டு மாதிரி; வியாபாரம் உள்ளே.

மாட்டுத்தாவணி பூ விலையைத் தினமும் சொல்லும் வீடியோ வேண்டாம். மறுநாளே அது பழசு. ஒரு வீடியோவுக்கு ஒரே கோளாறு போதும். தலைப்பையும் விவசாயி கேட்கிறபடியே வையுங்கள்: 'மல்லிகை இலை மஞ்சளா இருக்கு, யூரியா போடலாமா?'

அதில் இரண்டு இலையை அருகருகே பிடித்துக் காட்டுங்கள். நுனிக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. அடி இலை முழுசாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. முதல் வகைக்கு யூரியா போட்டால் காசுதான் போகும். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து, மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை இலையில் தெளிக்க வேண்டும். கரைத்து வைத்து நீர் பழுப்பானால் பலன் போச்சு; உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். தண்ணீர் தேங்கும் வயலிலும் இதே வெளுப்பு வரும், அங்கே முதலில் வடிகால். இப்படிப் பத்து வீடியோ போட்டால் போதும். வருடா வருடம் அதே சீசனில் தேடி வருவார்கள்.

காசு வருவது இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு வீடியோவின் கீழும் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து, வார ஆலோசனைக்கு மாதம் ₹50 கணக்கில் வருடத்துக்கு ₹600 முன்பணமாக யுபிஐயில் வாங்குங்கள். நூறு பேர் சேர்ந்தால் நீங்கள் கேட்ட ஐயாயிரம். இதற்கென்று தனி எண் வாங்குவது நல்லது, இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் கூப்பிடுவார்கள். ஆள் சேர்க்க நல்ல நேரம் நவம்பர் கடைசி. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யும் வேளை அது, எல்லோருக்கும் சந்தேகம் வரும். பிறகு வாரம் ஒரு குரல் செய்தி: இந்த வாரம் எதைப் பார்க்கணும், எதைச் செய்யணும்.

அதை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். "எனக்கு வரலையே" என்ற சண்டை பெரும்பாலும் அதனால்தான். பணம் வாங்கும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

அவர்கள் அனுப்பும் படம் பார்த்து மருந்து சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். கொழுந்து, அடி இலை, பிளந்த மொட்டு என மூன்று படம் வராமல் பதில் சொல்லாதீர்கள். மொட்டு ஊதாவாகி உதிர்வது ஈ வேலையாக இருக்கலாம்; மொட்டில் ஓட்டை போட்டுக் குடைந்திருந்தால் புழு. வெளியிலிருந்து எடுத்த மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மருந்துக் கடைக்காரர் கமிஷன் தருகிறேன் என்று வருவார். வாங்கினால் அந்த நூறு பேரும் அடுத்த நவம்பரில் பணம் கட்ட மாட்டார்கள்.