‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்பது சான்றிதழ் அல்ல

“மியூனிக்கில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நானும் கணவரும் வளைகுடா வழியாகச் சென்னை திரும்பினோம். ஒரே டிக்கெட், ஒரே விமான நிறுவனம். இரவு 9.30க்குக் கிளம்ப வேண்டிய விமானம் மறுநாள் காலை 5.10க்குத்தான் கிளம்பியது. சென்னையில் இரண்டு பெட்டியில் ஒன்று வரவில்லை. விமான நிலையத்திலேயே புகார் பதிந்தோம். 26 நாளாகிறது, ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று மட்டும் பதில் வருகிறது. பாலிசியில் பெட்டி இழப்புக்கு 1,000 டாலர், 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானத் தாமதத்துக்குத் தனித் தொகை உண்டு. காப்பீட்டு நிறுவனமோ விமான நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும் என்கிறது. பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், ‘இந்தியா திரும்பும்போது தொலைந்தால் எதுவும் கிடையாது, முப்பது சதவீதம் கொடுத்தால் வாங்கித் தரும் ஆள் இருக்கிறார்’ என்கிறார். என்ன செய்வது?”
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயம்புத்தூர்

அம்மா, முதலில் அந்த முப்பது சதவீதக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் செய்யப்போவது உங்கள் பெயரில் நான்கு மின்னஞ்சல் அனுப்புவதுதான். அதற்கு உங்கள் பாஸ்போர்ட் நகலும் வங்கி விவரமும் கேட்பார். இருபத்தைந்து ஆண்டுகள் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். இப்படிப்பட்டவர்கள் அனுப்பிய கோப்புகளில் கூடுதலாக ஒரு தாளைக்கூடப் பார்த்ததில்லை. பயணி கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கோப்பில் குறைவது ஒரே ஒரு தாள். விமான நிலையத்தில் பதிந்த புகாருக்கு பி.ஐ.ஆர். என்று பெயர். MAAXX12345 போல, விமான நிலையத்தின் மூன்றெழுத்து, விமான நிறுவனத்தின் இரண்டெழுத்து, பிறகு ஐந்து எண்கள் என்று அதற்கு ஓர் அடையாள எண் இருக்கும். அது பெட்டி வரவில்லை என்று நீங்கள் சொன்னதன் பதிவு. தொலைந்துவிட்டது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாக அதில் ஒரு வரியும் கிடையாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீதைத் தீர்ப்பு என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? காப்பீட்டு நிறுவனம் கேட்பது அந்த ஒப்புதலைத்தான். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் கேட்பது நியாயமே.

விமான நிறுவனம் ஏன் தர மறுக்கிறது? தேடல் பிரிவு ஓர் ஊரில் இருக்கும், இழப்பீட்டுப் பிரிவு வேறொரு நாட்டில் இருக்கும். தேடல் பிரிவுக்காரர் கோப்பை மூடாதவரை மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது. நீங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசப் பேச, கிணற்றில் போட்ட கல் கிணற்றிலேயே கிடக்கும். ஆனால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. இந்தியாவும் ஜெர்மனியும் ஏற்றுக்கொண்ட 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு, பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால், தொலைந்ததற்குரிய உரிமைகளைப் பயணி கோரலாம் என்கிறது. அவர்கள் தேடலை நிறுத்தினார்களா இல்லையா என்பது உங்கள் பிரச்சினை அல்ல. உங்களுக்கு அந்தக் கெடு ஐந்து நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆகவே ‘பெட்டி எங்கே?’ என்று இனிக் கேட்காதீர்கள். விமான நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். ‘இந்த பி.ஐ.ஆர். எண்ணுள்ள பெட்டி 21 நாளாகியும் ஒப்படைக்கப்படவில்லை, ஒப்பந்தத்தின்படி தொலைந்ததாகக் கருதுகிறேன், இழப்பீடு கோருகிறேன், இதை உறுதிசெய்து கடிதம் தருக’ என்று எழுதினால் போதும். அவர்கள் தரும் கடிதத்தில் உங்கள் பெயர், விமான எண், தேதி, பெட்டிச் சீட்டு எண் (போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தந்த பத்து இலக்க எண்), ஒப்படைத்த பெட்டிகள் இரண்டு, வந்து சேர்ந்தது ஒன்று என்ற விவரம் இருக்க வேண்டும். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற ஒரு சொல்லும், இதுவரை கொடுத்த இழப்பீடு எவ்வளவு அல்லது எதுவும் கொடுக்கவில்லை என்ற ஒரு வரியும் அவசியம். கடைசியில் சொன்ன அந்த வரி இல்லாததால் திரும்பிய கோப்புகளுக்குக் கணக்கே இல்லை. கடிதத் தலைப்புள்ள தாள் வேண்டும் என்று சில கிளெய்ம் அலுவலர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். விமான நிறுவனத்தின் முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சலே போதும் என்று எழுத்தில் வாதாடுங்கள்.

அவர்கள் கடிதம் தராமல் ‘இவ்வளவு தருகிறோம், சம்மதமா?’ என்று தொகை பேசி மின்னஞ்சல் அனுப்பினால், அதுவே ஒப்புதல்தான். தொலையாத பெட்டிக்கு யாரும் விலை பேசமாட்டார்கள். அதை அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஆனால் கூப்பனோ மைலேஜ் புள்ளியோ கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கினால் கையெழுத்திடாதீர்கள். பெட்டிக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு, ஒரு பயணிக்கு எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்கு அலகில் 1,519 வரை, அதாவது சுமார் 2,000 டாலர் வரை போகும். 2024 டிசம்பர் 28 முதல் இதுதான் வரம்பு. அது உச்சவரம்புதான். பெட்டியில் இருந்தவற்றின் மதிப்பை நீங்கள் பட்டியலிட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொரு பொறி. சமூக ஊடகத்தில் விமான நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டுப் பெட்டிக்காகப் புலம்பினால், சில நிமிடங்களில் அதே சின்னத்தோடு ஒருவர் ‘மன்னிக்கவும், பி.ஐ.ஆர். எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அனுப்புங்கள்’ என்று வருவார். பணம் அனுப்ப வங்கி விவரம் கேட்பார், அல்லது ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெட்டி போனது போதும், வங்கிக் கணக்கும் போக வேண்டாம்.

இனி உங்கள் ஏஜென்ட் சொன்ன ‘இந்தியா திரும்பும்போது கிடையாது’ என்ற கதை. பாதி உண்மை என்பதால் இது முழுப் பொய்யைவிட ஆபத்தானது. பாலிசியில் பெட்டி தொடர்பாக இரண்டு தனித்தனிப் பலன்கள் இருக்கும். ஒன்று பெட்டி தாமதமாக வருவது, மற்றது பெட்டி முற்றாகத் தொலைவது. பெட்டி 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வெளியூரில் மாற்றுடை, பற்பசை வாங்கிய செலவைத் தருவது முதலாவது. சொந்த ஊருக்குத் திரும்புகிறவருக்கு வீட்டில் வேட்டி சேலை இருக்கும் என்பதால், இந்தியா திரும்பும் பயணத்துக்கு அந்தப் பலனைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. முற்றாகத் தொலைவது வேறு. பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோதே போய்விட்டது, நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் உள்ளே இருந்த பொருள் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே அந்த விலக்கு இங்கே பொதுவாகப் பொருந்தாது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் இந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். விலக்கு எந்தத் தலைப்பின் கீழ் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தாமதத்தின் கீழ் மட்டும் இருந்து, இழப்பின் கீழும் பொது விலக்குகளிலும் இல்லையென்றால் பிரச்சினை முடிந்தது. ஏஜென்ட்டிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அவர் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்.

எவ்வளவு கிடைக்கும்? 1,000 டாலர் என்றதும் ஆயிரத்தையும் எண்ணிவிடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி ஒப்படைத்தால் ஒரு பெட்டிக்குப் பாதித் தொகைதான் என்று பல பாலிசிகளில் இருக்கும். உங்களுக்கு 500. அதற்குள் ஒரு பொருளுக்கு 10 சதவீதம் என்ற வரம்பும் பெரும்பாலும் இருக்கும், நகையும் பணமும் அறவே வராது. விமான நிறுவனம் கொடுத்தது கழியும். எங்கிருந்து கழிகிறது என்பதுதான் கேள்வி. பெட்டியின் மதிப்பு 900 டாலர், விமான நிறுவனம் 400 கொடுத்தது என்று வையுங்கள். இழப்பிலிருந்து கழித்தால் மீதம் 500, அது முழுவதும் பாலிசியில் கிடைக்கும். பாலிசி தர வேண்டிய 500இலிருந்து கழித்தால் உங்களுக்கு வெறும் 100. சொற்றொடர் தெளிவில்லாமல் இருந்தால் கிளெய்ம் மேசை இரண்டாவது கணக்கைத்தான் போடும். முதல் கணக்கைக் கேட்டு எழுதுங்கள்.

தாமதத்துக்கு வருவோம். உங்கள் விமானம் 7 மணி 40 நிமிடம் தாமதம், 6 மணி நேர வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் அன்று பிற்பகலே ‘விமானம் அதிகாலை 5 மணிக்கு மாற்றப்பட்டது’ என்று மின்னஞ்சலும் புதிய டிக்கெட்டும் வந்திருக்குமே? அந்தப் புதிய டிக்கெட்டைக் கிளெய்மோடு அனுப்பினீர்களானால், 5 மணி விமானம் 5.10க்குக் கிளம்பியதாகக் கணக்கிட்டு, தாமதம் பத்தே நிமிடம் என்று நிராகரிப்பார்கள். நம்ப முடியவில்லையா? நான் இருந்த அலுவலகத்திலேயே நடந்தது. முதலில் வாங்கிய டிக்கெட்டைத் தேடி எடுங்கள். விமான நிறுவனத்திடம் முதலில் அறிவித்த நேரம், உண்மையில் கிளம்பிய நேரம், காரணம் ஆகிய மூன்றும் உள்ள தாமதச் சான்றிதழைக் கேளுங்கள். ‘செயல்பாட்டுக் காரணம்’ என்று மொட்டையாக எழுதினால் விடாதீர்கள், இயந்திரக் கோளாறா, வானிலையா என்று கேளுங்கள்.

காரணம் ஏன் முக்கியம் என்றால், மியூனிக் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும், தாமதத்துக்குப் பயணிக்கு இழப்பீடு தரச் சொல்லும் ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும். ஒரே டிக்கெட்டில் சென்னைக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்திருந்தால் ஆளுக்கு 600 யூரோ. கடும் வானிலை போன்ற அசாதாரணச் சூழ்நிலை என்றால் கிடையாது. வழக்கமான இயந்திரக் கோளாறு அந்த விலக்கில் சேராது. பாலிசித் தொகையைவிட இது பெரிதாக இருக்கலாம். இதையும் வாங்கித் தருவதாக இணையத்தில் கடை விரித்திருப்பவர்கள் கணிசமான பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே படிவம் நிரப்பலாம்.

இவ்வளவும் அனுப்பிய பிறகும் காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் முப்பது சதவீதக்காரர் அங்கே உங்களுக்காகப் பேசவும் முடியாது.