விடுப்புச் செய்தியை எந்த எழுத்தில் அனுப்புவது?

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் இரவு எங்கள் தலைமை ஆசிரியருக்கு வாட்ஸப்பில் இப்படி அனுப்பினேன்:

```
Vanakkam ayya. En mamanar irandu naala hospitalla irukar.
Nalaiku schoolku vara mudiyala. Leave venum ayya.
```

கொஞ்ச நேரத்தில் பதறிப்போய்க் கூப்பிட்டார். "எப்போம்மா ஆச்சு? எடுக்கிறது எப்போ?" என்றார். என் மாமனார் தேறி வருகிறார்! விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் பள்ளியில் எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அனுப்புகிறோம். தமிழிலேயே அடித்தால் மனு எழுதுவது போல விறைப்பாக இருக்கிறது. பெரியவர்களுக்கு எது பொருத்தம்? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாமனார் நலமாக வீடு திரும்பட்டும்.

தலைமை ஆசிரியர் மேல் தவறில்லை. பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கும். `En mamanar irandu` என்ற அளவில் நின்றுபோனால், 'இரண்டு', 'இறந்து' என்ற இரண்டில் எதுவாகவும் அதை வாசிக்கலாம். தமிழில் இந்தச் சொற்களுக்கு இடையே ரகர றகர வேறுபாடு இருக்கிறது, 'ண்டு', 'ந்து' என்ற வேறுபாடும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ர, ற இரண்டுமே r. ண்டு, ந்து இரண்டுமே பலர் கையில் nd. இரவு நேரம், வயதான உறவு, 'ஐயா' என்ற விளிப்பு எல்லாம் சேர்ந்துகொண்டால் மனம் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவா வேண்டும்?

'இறந்து' என்பதை நான் irandhu என்றுதானே எழுதுவேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வழக்கம் அது. அவருடைய மகன் iranthu என்று எழுதுவார், வேறொருவர் h இல்லாமலே முடித்துவிடுவார். பொது விதி இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறைப்படி 'இரண்டு' iraṇṭu, 'இறந்து' iṟantu, குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆனால் எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடும் போட்டு யார் விடுப்புக் கேட்கப்போகிறார்கள்? நாம் அன்றாடம் அடிப்பதில் அனுப்புகிறவருக்கு ஒரு வழக்கம், படிப்பவருக்கு ஒரு வழக்கம். நண்பர்களுக்குள் இது ஓடிவிடும், ஏனென்றால் பாதி விஷயம் முன்பே தெரியும். மேலதிகாரிக்கு உங்கள் வீட்டு நிலவரம் தெரியாது.

ஆகவே தலைமை ஆசிரியருக்குத் தமிழ் எழுத்துத்தான். ஆனால் எழுத்தை மட்டும் மாற்றினால் போதாது. உங்கள் செய்தியையே அப்படியே தமிழில் அடித்துப் பாருங்கள்: "நாளைக்கு ஸ்கூலுக்கு வர முடியல. லீவு வேணும் ஐயா." ஆங்கில எழுத்தில் இருந்தபோது பேச்சுப் போலத் தோன்றியது, இப்போது கொஞ்சம் அலட்சியமாகத் தெரிகிறது அல்லவா? ஆங்கில எழுத்தில் வரும் தமிழை நாம் காதால் கேட்பது போலப் படிக்கிறோம். தமிழ் எழுத்தில் கண் எழுத்து வழக்கை எதிர்பார்க்கிறது. 'முடியல', 'வேணும்' எல்லாம் அங்கே துருத்திக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் சொல்லும் விறைப்பு இதற்கு எதிர்க்கோடி. பேச்சுநடை சரிவரவில்லை என்றதும் ஒரே தாவலில் 'மேற்படி', 'பணிவுடன் சமர்ப்பித்து' என்று போய்விடுகிறோம். வாட்ஸப்புக்கு அந்த இரண்டும் வேண்டாம். வினைமுற்றை எழுத்து வழக்கில் வைத்துக்கொண்டு, சொற்களை எளிமையாக விட்டால் போதும். நானாக இருந்தால் இப்படி அனுப்புவேன்:

"வணக்கம் ஐயா. நாளை (12.08.2025, செவ்வாய்) ஒரு நாள் எனக்குத் தற்செயல் விடுப்பு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாமனாரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நாளை பகலில் நான் உடனிருக்க வேண்டியுள்ளது. எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் மூன்றாம் பாடவேளையை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விடுப்பு விண்ணப்பத்தைப் புதன்கிழமை காலையில் தருகிறேன்."

இதில் விடுப்பும் தேதியும் காரணத்துக்கு முன்னால் வந்திருப்பதைக் கவனியுங்கள். நோய் விவரத்தோடு தொடங்கினால் படிப்பவர் செய்தி எங்கே போகிறது என்று தெரியாமல் பதறுகிறார். தேதியை எண்ணில் போட்டதற்கும் காரணம் உண்டு. இரவு பதினோரு மணிக்கு நீங்கள் எழுதும் 'நாளை', அவர் காலையில் எழுந்து படிக்கும்போது அடுத்த நாளாகிவிடுகிறது. கிழமையும் சேர்ந்தால் தேதியில் தட்டச்சுப் பிழை இருந்தாலும் தெரிந்துவிடும்.

'வர முடியாது' என்று முடித்தால் அது தகவல், 'அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்றால் அனுமதி கேட்பது. அனுமதி தரும் இடத்தில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும். அப்புறம், 'விடுமுறை' என்று எழுதிவிடாதீர்கள். விடுமுறை பள்ளி விடுவது, நீங்கள் எடுப்பது விடுப்பு. வருகைப் பதிவேட்டில் குறிக்கவேண்டியவருக்கு 'தற்செயல் விடுப்பு' என்று வகையையும் சொல்லிவிட்டால் திருப்பிக் கேட்கும் வேலை மிச்சம்.

தமிழ் விசைப்பலகை பழகவில்லை என்பது பெரிய தடை இல்லை. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்க்கும்போது `abc → தமிழ்` என்றொரு வகை இருக்கும். அதில் உங்கள் விரல்கள் வழக்கம்போல naalai என்றே அடிக்கலாம், திரையில் 'நாளை' வரும். அது தரும் முதல் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். pani என்று அடித்தால் பணியும் வரும், பனியும் வரும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் இடறும் இடம் தெரிந்துவிடும். ஒலி ஒன்றுபோல இருக்கும் ன, ண மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும்.

இணையம் இல்லாத இடத்திலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவதென்றால் கணக்கு மாறும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழ் ஓரெழுத்து கலந்தாலும் மொத்தச் செய்திக்கும் அளவு 70 ஆகிவிடும். போதாததற்குப் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் வழக்கம் வேரூன்றியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட சமயத்தில் "வணக்கம் ஐயா. நாளை 12.08 செவ்வாய் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன்" என்பதோடு நிறுத்தி, மற்றதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப்போகும் சக ஆசிரியருக்கு `8B 3rd period konjam paathukonga sir` என்று அனுப்பினால் ஒரு குறையும் இல்லை. தலைமை ஆசிரியரே `ok ma, parunga` என்று பதில் போட்டால் `Nandri ayya` என்று அதே எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த முறை விடுப்புக் கேட்கும்போது மறுபடி தமிழ் எழுத்துக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் அந்தச் செய்தி அலுவலகத்துக்கும் போகக்கூடியது. தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத தாளாளர் யாராவது இருந்தால் அவருக்கு ஆங்கிலத்திலேயே நான்கு வரி எழுதிவிடுங்கள்.