நாய்க்கடி ஊசி போட்டபின் கறி, குளியல், ஜிம், பீர்: எது கூடும், எது கூடாது?

கேள்வி: தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். ஒரு மாதத்துக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கறி, மீன், முட்டை கூடாது, ஜிம் போகக் கூடாது, பீர்கூடக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். மூன்றாவது வாரம் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு இருக்கிறது. மூன்று ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாமா? உண்மையில் எதுதான் கூடாது?

பதில்: நிறுத்தக் கூடாது. நான்கு தவணையையும் போட்டே ஆக வேண்டும். கிடாவெட்டுக்குப் போகலாம், கறிச்சோறும் சாப்பிடலாம். இரண்டுக்கும் இடையே எந்த மோதலும் இல்லை. பத்தியத்துக்குப் பயந்து கடைசி ஊசியை விட்டுவிடுவதும், "ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று முதல் ஊசியையே தள்ளிப்போடுவதும்தான் உயிருக்கு ஆபத்து. ரேபிஸ் நோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. முன்பு நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி, ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செய்யப்பட்டது. அதிலிருந்த மூளைத்திசுவுக்கு எதிராக உடல் கிளம்பும்போது, சிலருக்கு அந்த எதிர்ப்பு சொந்த நரம்புகளையே தாக்கிக் கை கால் செயலிழந்துபோகும். அதனால் அந்த ஊசி போட்டவர்களிடம் மது குடிக்க வேண்டாம், உடம்பை வருத்த வேண்டாம், இரவில் கண் விழிக்க வேண்டாம் என்று மருத்துவர்களே எச்சரித்தார்கள். காலப்போக்கில் அந்த எச்சரிக்கையோடு குளியலும் கறியும் மீனும் சேர்ந்துகொண்டன. இந்தியாவில் அந்த ஊசி 2005 வாக்கில் கைவிடப்பட்டது. இப்போது உங்கள் கையில் போட்டது ஆய்வகத்தில் செல்களில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்த வைரஸ். மூளைத்திசு அதில் கிடையாது. ஊசி மாறிவிட்டது, பத்தியம் மட்டும் தங்கிவிட்டது.

சாப்பாட்டில் எந்தத் தடையும் இல்லை. கறி, மீன், கருவாடு, முட்டை, கத்தரிக்காய் எதுவும் ஊசியின் வேலையைக் கெடுக்காது, காயத்தில் சீழும் வைக்காது. சீழ் வைத்தால் காரணம் நாயின் வாயிலிருந்த கிருமி. சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டு, வலி நாளுக்கு நாள் கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டைக் குறைத்தால் அது சரியாகாது. முட்டையோ கோழியோ சாப்பிட்டு மூச்சுத் திணறும் அளவு ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு வகை ஊசி கோழிக்கருவின் செல்களில் தயாராகிறது. அப்படிப்பட்டவர்களுக்கும் ஊசியை நிறுத்த மாட்டார்கள், வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

குளியலும் அப்படித்தான். அன்றைக்கே தலைக்குக் குளிக்கலாம். ஊசி போட்ட இடத்தை மட்டும் தேய்க்க வேண்டாம். உங்களுக்கு இரண்டு கையிலும் போட்டது தோலுக்குள் போடும் முறை: ஓர் இடத்துக்கு 0.1 மில்லி. சரியாக விழுந்திருந்தால் அந்த இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சிறு புள்ளிகளோடு உடனே மேடாக எழும். அப்படி எழும்பாமல் மருந்து வழிந்துவிட்டால் செவிலியரிடம் அங்கேயே சொல்லுங்கள், பக்கத்து இடத்தில் மறுபடி போடுவார்கள். பிறகு மேடு தானாக அமுங்கும். சில நாள் சிவப்பும் அரிப்பும் இருக்கலாம். அதற்காக மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது எதிர்ப்பு சக்தி உருவாவதைத் தடுக்கும்.

ஜிம்முக்கு ஊசியால் தடையில்லை. உங்களுக்குக் கடி கெண்டைக்காலில் என்பதால் ஓட்டம், ஸ்குவாட், ஸ்கிப்பிங் போன்றவற்றைக் காயம் மூடும்வரை தள்ளிவையுங்கள். காய்ச்சலோ உடல்வலியோ இருக்கும் நாளில் ஓய்வெடுங்கள்.

மதுவைப் பொறுத்தவரை, ஒரு பீர் ஊசியின் பலனை அழித்துவிடும் என்பது சரியல்ல. ஆனாலும் ஊசி போட்ட அன்றும் மறுநாளும் வேண்டாம் என்பதே என் கருத்து. தலைவலி, குமட்டல் வந்தால் அது ஊசியாலா, குடியாலா என்று பிரித்தறிய முடியாது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும் குடியும் சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை. தினமும் நிறையக் குடிப்பவர்களுக்கு எதிர்ப்பு சக்தியே குறைவாக இருக்கும், தவணை நாளும் மறந்துபோகும். அவர்கள் அந்த ஒரு மாதம் குடிக்காமல் இருப்பது நல்லது. ஏற்கனவே குடித்துவிட்டோமே என்று ஊசிக்குப் போகாமல் மட்டும் இருக்கக் கூடாது.

இனி உண்மையான கட்டுப்பாடுகள். உங்களிடம் நான் முதலில் கேட்பது: காயத்துக்குள் சீரம் போட்டார்களா? ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. உடல் தன் எதிர்ப்பு சக்தியை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை வைரஸைத் தடுக்க ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்ற சீரத்தைக் காயத்தின் உள்ளேயும் சுற்றியும் செலுத்த வேண்டும். குதிரை சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 60 கிலோ உடையவருக்கு அதிகபட்சம் 2,400 யூனிட். கையில் மட்டும் ஊசி விழுந்திருந்தால் சீரம் போடவில்லை என்று பொருள். சீட்டை எடுத்துக்கொண்டு இன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் கேளுங்கள். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள்தான் அதைப் போட முடியும். அதன்பின் போட்டால் உடலில் உருவாகிவரும் எதிர்ப்பு சக்தியை அதுவே மட்டுப்படுத்தும்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கழுவாமல் விட்டிருந்தால் இப்போதாவது கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்துகள் போன்றவை எடுப்பவர்களுக்குத் தோலுக்குள் போடும் முறை சரிவராமல் போகலாம். தசையில் முழு அளவு போடுவார்கள். அது புஜத்தில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் பலன் குறையும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முதல் ஊசி போட்ட திங்கட்கிழமைதான் 0 நாள், கடித்த நாள் அல்ல. அடுத்தது 3ஆம் நாள் வியாழன், பிறகு 7ஆம் நாள் மறு திங்கள், கடைசியாக 28ஆம் நாள், அதுவும் திங்கட்கிழமைதான். கிடாவெட்டு மூன்றாவது வாரம் என்பதால் எந்தத் தவணையோடும் மோதவில்லை. ஒருவேளை தேதி தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மறுநாளே போய் விட்ட தவணையைப் போட்டுக்கொண்டு மீதியைத் தொடரலாம். ஒவ்வொரு முறையும் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ரத்ததானம் மட்டும் ஓராண்டுக்குச் செய்ய முடியாது.