மலையில் வீட்டுக்குள் இருக்கும் அரிக்கா பாம் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். ஹாலில் வைத்திருக்கும் அரிக்கா பாமில் மட்டை மட்டையாக மஞ்சளாகிறது. அடிமட்டை தானாகப் பழுக்கிறதா, ரூம் ஹீட்டர் காற்றால் வருகிறதா, உரம் போதவில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். எந்த மட்டை மஞ்சளாகிறது, அந்த மட்டையில் எந்த இடம் மஞ்சளாகிறது என்று பார்த்தாலே மூன்றையும் பிரித்துவிடலாம். வெட்டிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

குன்னூரில் ஒரு நர்சரியில் வேலை செய்கிறேன். பனிக்காலம் முடியும் சமயத்தில் மஞ்சள் மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கையில் மட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பாதிதான் சொல்ல முடியும். அது செடியில் எங்கே இருந்தது என்பதுதான் மீதிப் பாதி.

தானாகப் பழுக்கும் மட்டை எப்போதும் அந்தத் தண்டின் ஆக அடியில் இருக்கும். ஓலை முழுக்க ஒரே சீராக வெளுத்து, மஞ்சளாகி, பழுப்பாகும். புள்ளி இருக்காது, கோடு இருக்காது. அதற்கு நேர் மேலே இருக்கும் மட்டை பச்சை குறையாமல் நிற்கும். அரிக்கா கொத்தாக வளர்வது. ஒவ்வொரு தண்டும் தனிக் கணக்கு. ஒரு குருத்து விரிந்தால் அடியில் ஒன்று போகும். நீங்கள் செய்யவேண்டியது, பெரிய தண்டு இரண்டில் நூல் கட்டி, பச்சை மட்டை எத்தனை என்று எழுதிவைப்பது. சில மாதம் கழித்துப் பார்க்கும்போது எண்ணிக்கை அப்படியே இருந்தால் கவலை இல்லை. குருத்தே வராமல் அடியில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அது முதுமை இல்லை. (மட்டையின் காம்பும் தண்டும் பொன் மஞ்சளாக இருப்பது இந்தச் செடியின் இயல்பு. ஓலையை மட்டும் பாருங்கள்.)

வறண்ட காற்று முழு மட்டையை மஞ்சளாக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் எல்லாப் பழியும் ஹீட்டர் மேல்தான் விழுகிறது. வறட்சி ஓலையின் நுனியைப் பிடிக்கும். நுனி பழுப்பாகி மொரமொரவென்று ஆகும், பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு தெரியும். மட்டையின் வயது அதற்குக் கணக்கில்லை. இளசிலும் வரும், நடுவிலும் வரும், ஹீட்டரைப் பார்த்த பக்கம் கூடுதலாக வரும்.

“வெளியே இவ்வளவு ஈரமாக இருக்கிறதே, வீட்டுக்குள் எப்படிக் காற்று வறளும்?” என்று கேட்பார்கள். ஜனவரி ராத்திரி 5 டிகிரியில் இருக்கும் காற்றில், ஈரப்பதம் நூற்றுக்கு நூறே இருந்தாலும், உள்ள தண்ணீர் மிகக் கொஞ்சம். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்து மூடுபனிக் காற்று அவ்வளவு குளிராக இருக்காது, அதனால் சூடானாலும் ஈரம் போதிய அளவு நிற்கும். ஆகவே நுனி கருகல் ஜனவரி, பிப்ரவரியில் கூடி ஜூனுக்குப் பின் புது ஓலையில் வராமல் இருந்தால், காரணம் காற்றுதான். செடியை ஹீட்டருக்கும் கணப்புக்கும் எட்டத் தள்ளி வையுங்கள். ஓலைமேல் தண்ணீர் தெளிப்பது சில நிமிஷத்துக்குத்தான் உதவும். வறண்ட அறையில் சிலந்திப் பேனும் வரும், அதனால் ஓலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழும் தூசி நகர்ந்தால் பேன்.

மூன்றாவது, சத்துக் குறைவு. தொட்டியில் வளரும் அரிக்காவில் அதிகம் தவறவிடப்படுவது பொட்டாஷ் குறைவுதான், ஏனென்றால் அதுவும் அடிமட்டையில்தான் தொடங்கும். முதுமை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் காண மட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓலை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சிறு புள்ளிகள், எண்ணெய் பட்ட காகிதம்போல ஒளி ஊடுருவத் தெரிந்தால் அது பொட்டாஷ். மட்டையின் நுனிப் பக்கம் மோசமாகவும், காம்புப் பக்கம் பச்சையாகவும் இருக்கும். அதற்கு மேலே உள்ள இரண்டாம், மூன்றாம் மட்டையிலும் அதே புள்ளி இலேசாகத் தொடங்கியிருக்கும். புள்ளி இல்லாமல், ஓலையின் இரு ஓரமும் அகலமாக எலுமிச்சை மஞ்சள், நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை என்றால் மெக்னீசியம். செடி மொத்தமும் வெளிறி, அடியில் கூடுதலாக வெளுத்திருந்தால் தழைச்சத்து. குருத்தும் இளம் மட்டையும் மட்டும் வெளுத்தால் உரத்தைத் தொடாதீர்கள். பெரும்பாலும் மண் ஈரம் வடியாமல் வேர் மூச்சுத் திணறி இரும்பு எடுக்க முடியாத நிலை அது.

கோத்தகிரியில் ஓர் அக்காவின் வீட்டில் இதைப் பார்த்தேன். நல்ல ஜன்னல் வெளிச்சம், பெரிய தொட்டி, ஆனால் ஒவ்வொரு தண்டிலும் உச்சியில் இரண்டு மட்டைதான். “மஞ்சளானா வெட்டிடணும்னுதானே தம்பி எல்லாரும் சொல்றாங்க? வெட்டின உடனே அடுத்தது மஞ்சளாகுது” என்றார். அதுதான் விஷயம். பொட்டாஷ் போதாதபோது செடி பழைய மட்டையிலிருந்து அதை உறிஞ்சித்தான் குருத்துக்குக் கொடுக்கிறது. அந்த மஞ்சள் மட்டைதான் அதன் கையிருப்பு. வெட்டினால் அடுத்த மட்டையில் கைவைக்கும். மேல் மட்டையை வெளிச்சத்தில் பிடித்தோம், புள்ளி அதிலும் வந்துவிட்டிருந்தது. தொட்டி மண் தேயிலைத் தோட்டத்து மண். மழையில் சத்து அரித்துப்போன புளிப்பு மண், வாங்கிய நாளிலிருந்து மாற்றியதும் இல்லை. உரம் என்று போட்டது 19-19-19 மட்டும், அதில் மெக்னீசியம் கிடையாது.

வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். அப்போது பனிக்காலம், எதையும் போடவில்லை. மண் குளிர்ந்திருந்தால் வேர் எடுக்காது, போட்டது உப்பாகத் தேங்கி நுனியைக் கருக்கும். ஏப்ரலில் வேர் குலையாமல் ஓர மண்ணை எடுத்து, மக்கிய தொழுவுரமும் மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பினோம். பிறகு மாதம் ஒரு முறை, ஒரு லிட்டர் தண்ணீரில் பொட்டாசியம் சல்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் 1 கிராம் கரைத்து, ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றினார். இரண்டும் சேர்ந்தே போகவேண்டும். பொட்டாஷ் மட்டும் கூடினால் மெக்னீசியக் குறைவு தலைகாட்டும். தேயிலைக்குப் போடும் சிவப்பு பொட்டாஷ் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு தொட்டிச் செடிக்கு ஆகாது. தழைச்சத்துக்கு அந்த 19-19-19 இடையில் ஒரு முறை, பாதி அளவில். அக்டோபரில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

புள்ளி விழுந்த மட்டை பச்சைக்குத் திரும்பாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். பார்க்கவேண்டியது அதற்கு மேலே விரியும் மட்டைகளை. அவை அடிக்கு வரும்போதும் புள்ளி இல்லாமல் இருக்கவேண்டும். மலைக் குளிரில் அரிக்கா மெதுவாகத்தான் குருத்து விடும் என்பதால் அந்த அக்காவின் செடி தேற அடுத்த கோடையும் தேவைப்பட்டது. இப்போது தண்டுக்கு ஐந்து மட்டை நிற்கிறது. அடிமட்டை காம்போடு சேர்த்து முழுக்கக் காய்ந்து பழுப்பான பிறகுதான் அவர் அதை எடுக்கிறார்.